மின்கசிவு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

பதிவு நீளமாக இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி தன் புதுக் குடோனின் படங்களைப் போட்டிருந்தான். பழைய பேப்பர், அட்டை, பிளாஸ்டிக் வாங்கி, பிரஸ்ஸில் போட்டு பேலாகக் கட்டி, லோடு சேர்ந்ததும் ஆலைக்கு அனுப்புகிற தொழில். நல்ல தொழில். ஊர்க் குப்பையில் பாதியைச் சாக்கடையில் சேரவிடாமல் தடுப்பவர்கள் இவர்கள்தான். எல்லோரும் பூங்கொத்துப் படமும் கைகூப்பும் போட்டிருந்தார்கள். நான் மட்டும், "தம்பி, பேலை இப்படி அடுக்காதே, உள்ளே ஆளையும் படுக்க வைக்காதே" என்று எழுதினேன். அவ்வளவுதான். "சார் நல்ல நாளில் அபசகுனமாகப் பேசுகிறார்" என்றான் ஒருவன். என் அண்ணன் மகனே போன் போட்டு, "சித்தப்பா, ஒருத்தன் பிழைப்பில் ஏன் மண்ணைப் போடுகிறீர்கள்? வயரிங் எல்லாம் புதுசு, சுவரில் சிவப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறான், லைசென்ஸும் இருக்கிறது" என்று கேட்டான்.

அந்த மூன்று பதிலுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

குடோன் எரிந்தால் மறுநாள் பேப்பரில் ஒரே வரிதான் வருகிறது: "மின்கசிவு காரணமாக இருக்கலாம் எனத் தெரிகிறது." எனக்கு அந்த வரியைப் படித்தாலே எரிச்சல் வருகிறது. அதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஓனர் தப்பித்தார், அனுமதி கொடுத்தவர் தப்பித்தார், வயர்தான் குற்றவாளி. சரி, மின்கசிவுதான் காரணம் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? அப்படியானால் சாயங்காலம் கடை பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போங்கள். மெயின் சுவிட்சைக் குடோனுக்கு வெளியே வையுங்கள். கரண்ட்டே இல்லாத கட்டடத்தில் எந்தக் கசிவும் வராது. அதைச் செய்கிற குடோன் எத்தனை? காரணம் தெரியும் என்பவன் அந்தக் காரணத்தை ராத்திரி விடிய விடிய ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகிறான் என்றால், அவனே அதை நம்பவில்லை என்று அர்த்தம்.

தீப்பொறி எங்கிருந்தும் வரும். அது வயரிலிருந்து வந்ததா, பீடியிலிருந்து வந்ததா என்பது அடுத்த கேள்வி. ஒரு பொறி ஒரு சாக்கோடு போயிற்றா, மொத்தக் குடோனையும் அதில் தூங்கியவர்களையும் கொண்டுபோயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தீர்மானிப்பது முந்தின நாள் சாயங்காலம் பேலை எப்படி அடுக்கினோம் என்பது. என் வாதம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் பொறியைப் பார்ப்போம். தம்பி குடோனுக்கு வருகிற மூட்டையில் பேப்பர் மட்டுமா வருகிறது? குழந்தை உடைத்துப்போட்ட பொம்மை, பழைய செல்போன், பவர் பேங்க், பாதி காஸ் இருக்கிற சிகரெட் லைட்டர், கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற ஸ்பிரே டப்பா, தின்னர் மிச்சமிருக்கிற கேன். இவற்றில் மோசமானது லித்தியம் பேட்டரி. உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள். நடுவில் காகிதத்தைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. பிரஸ்ஸின் தட்டு இறங்கி நசுக்கும்போது அந்தத் தடுப்பு கிழிகிறது. சில பேட்டரி அங்கேயே சீறிப் புகைவிடும், அது நல்லது, கண்ணில் படும். சில பேட்டரி அப்போது ஒன்றும் செய்யாது. உள்ளுக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, சில மணி நேரம் கழித்து, பேல் அடுக்கின் நடுவே, ஆள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். அதற்குக் கரண்ட் வேண்டாம், வயர் வேண்டாம். வயரிங் புதுசு என்று சொன்ன அண்ணன் மகன் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இதற்கு மருந்து பெரிய செலவு இல்லை. பிரஸ்ஸுக்குப் போகுமுன் மூட்டையைத் தரையில் கொட்டிப் பரப்பி, கண்ணால் பார்த்துப் பொறுக்க வேண்டும். உப்பிப் போன பேட்டரி, இனிப்பும் பெயிண்ட்டும் கலந்த மாதிரி வாசனை, உஸ் என்ற சத்தம், வெள்ளைப் புகை, இவை எது தெரிந்தாலும் அது உடனே வெளியே போக வேண்டும். பொறுக்கிய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டின்னில் இட்டு, குடோனுக்கு வெளியே வெட்டவெளியில் வைக்க வேண்டும். அன்று கட்டிய பேலை அன்றைக்கே பெரிய அடுக்கில் ஏற்றக் கூடாது. முற்றத்தில் தனியாக ஓர் இரவு கிடக்கட்டும். எரிந்தால் அந்த ஒரு பேல் எரியட்டும். இந்த ஒரு பழக்கம் பத்து சிவப்பு சிலிண்டருக்குச் சமம் என்பேன்.

இரும்புப் பிரிவும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காஸ் கட்டிங் பொறி 35 அடி வரை பறக்கும் என்று கணக்கு வைத்துத்தான் வெளிநாட்டு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கட்டிங் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே நின்று பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. முன்பு அரை மணி என்று இருந்தது, போதவில்லை என்று ஒரு மணியாக்கினார்கள். நம் ஊரில் கட்டிங் முடிந்ததும் டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

இப்போது பேலுக்கு வருகிறேன். இங்கேதான் பலருக்குத் தப்பான நினைப்பு. "இறுக்கிக் கட்டின பேல் எரியாது சார், காற்றே புகாது" என்கிறார்கள். பாதி உண்மை. அட்டை பேலின் மேல்தோல்தான் முதலில் எரியும். கொஞ்ச நேரத்தில் கட்டின கம்பியோ பட்டையோ விட்டுப் போகும். நெருப்புக்கு நடுவே பேல் வெடித்து விரியும். இறுகியிருந்தது உதிரியாகும். உதிரிக் காகிதம் எப்படி எரியும் என்று போகிப் பண்டிகையில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரியாத பேல் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். வெளியே தண்ணீர் அடித்து அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே தணல் கனன்றுகொண்டே இருக்கும். மறுநாள், அதற்கு மறுநாள், திரும்பப் பற்றும்.

பிளாஸ்டிக் வேறு ரகம். ஒரு கிலோ பாலித்தீன் கவர் எரிந்தால் வருகிற வெப்பம், ஏறக்குறைய ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரிந்தால் வருகிற வெப்பம். இரண்டும் பூமிக்கடியில் கிடந்த எண்ணெயிலிருந்து வந்தவைதானே. காகிதமோ விறகு மாதிரி, அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். நூறு பேரல் மண்ணெண்ணெயைக் கொட்டகையில் அடுக்கி வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஊரே திரண்டு வந்து தடுக்கும். அதே எடைக்குக் கவர் பேலை அடுக்கினால் ஒருவரும் கேட்பதில்லை. அதுவும் பற்றியதும் உருகி ஓடும். எரிகிற குழம்பு தரையில் பரவி, வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பேலுக்கு அடியில் போய் நிற்கும். அதனால்தான் பேப்பர் அடுக்கையும் பிளாஸ்டிக் அடுக்கையும் ஒட்டி வைக்கக் கூடாது என்கிறேன். காகிதம் நெருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் அதை எடுத்துக்கொண்டு ஓடும்.

தணல் உள்ளே கனல்வதற்குப் பெரிய உதாரணம் கொச்சி பிரம்மபுரம். அங்கே இருந்தது பேல் குடோன் அல்ல, பிளாஸ்டிக் குப்பை மலை. ஆனால் சூட்சுமம் ஒன்றுதான். 2023 மார்ச் 2-ஆம் தேதி பற்றியது, அணைந்துவிட்டது என்று சொல்ல 13-ஆம் தேதி ஆயிற்று. கொச்சி நகரமே புகையில் மூச்சுத் திணறியது. மேலே தண்ணீர் அடித்து ஒன்றும் நடக்கவில்லை. ஜேசிபி கொண்டு குவியலைக் கிளறிப் பிரித்து, உள்ளே தண்ணீர் விட்ட பிறகுதான் அடங்கியது. பிரிப்பதுதான் வைத்தியம். அதை எரிகிறபோது ஜேசிபி வைத்துச் செய்யலாம், அல்லது எரிவதற்கு முன்னால் டேப் வைத்து அளந்து செய்யலாம்.

சிவப்பு சிலிண்டர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சுவரில் தொங்குகிற ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் கால் நிமிடம் போலத்தான் பீச்சும். சுவாலையை அமுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது பொடி, சூட்டைத் தணிக்காது. தணல் இருக்கிற காகிதத்தில் சுவாலை மறுபடி எழும். ஒரு மூட்டை பற்றிய முதல் நிமிடத்துக்கு அது உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேல் அடுக்குக்கு அது திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி. வேண்டியது தண்ணீர்.

எவ்வளவு தண்ணீர்? கணக்குப் போடுவோம், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் இந்தத் தொழிலில் தீ அடிக்கடி வந்து, அவர்கள் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. 300 கன மீட்டர் குவியல் ஒன்று வைத்திருந்தால், நிமிடத்துக்கு 2,000 லிட்டர் வீதம் மூன்று மணி நேரம் அடிக்கத் தண்ணீர் கைவசம் இருக்க வேண்டும். அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். 300 கன மீட்டர் என்றால் மலைக்க வேண்டாம். 30 அடிக்கு 35 அடி, 10 அடி உயரம், அவ்வளவுதான். நம் பக்கத்துத் தீயணைப்பு வண்டி ஒன்று சாதாரணமாகச் சுமந்து வருவது 4,500 லிட்டர். ஆக 80 வண்டித் தண்ணீர்.

இனி தம்பியின் குடோன். படத்தோடு அளவையும் பெருமையாகப் போட்டிருந்தான்: 60 அடி நீளம், 40 அடி அகலம், தகரக் கூரை. படத்தில் பார்த்தால் வாசலில் கொஞ்சம், சுவரோரம் கொஞ்சம் போக, 50 அடிக்கு 35 அடி, 14 அடி உயரத்துக்கு ஒரே கட்டாக பேல் ஏறியிருக்கிறது. பெருக்கினால் 24,500 கன அடி, சுமார் 690 கன மீட்டர். அந்த இங்கிலாந்துக் கணக்குப்படி 8 லட்சத்து 28 ஆயிரம் லிட்டர். 184 வண்டி. எங்கிருந்து வரும்? முதல் வண்டி வந்து ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் அடித்தால் பத்து நிமிடத்தில் காலி. திரும்பத் தண்ணீர் பிடிக்கப் போய்விடும். அந்த இடைவெளியில் நெருப்பு சும்மா இருக்குமா?

"பக்கத்திலேயே கிணறு இருக்கிறது சார்" என்றான். இருக்கிறது, நானும் அதில் நீச்சல் பழகியவன்தான். கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது? மேலே நிற்கிற பம்ப் உறிஞ்சி எடுக்கக்கூடியது நடைமுறையில் 25 அடி ஆழத்திலிருந்துதான். எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் அதற்கு மேல் காற்றழுத்தம் தூக்காது. ஒன்பதாம் வகுப்பில் நடத்தினேன், யாருக்கு நினைவிருக்கிறது? அறுபது அடியில் கிடக்கிற தண்ணீரைத் தீயணைப்பு பம்ப் ஏக்கமாகப் பார்க்கத்தான் முடியும். உள்ளே இறக்கிய மோட்டார் எடுக்கும், ஆனால் தீப்பிடித்ததும் முதலில் கரண்ட்டை நிறுத்துவார்கள். ஆகவே தரைமட்டத்தில் ஒரு தொட்டி வேண்டும். குடோனிலிருந்து தள்ளி, வண்டி பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி, 20,000 லிட்டர் தொட்டி. மோட்டார் அதை எப்போதும் நிரப்பி வைக்கட்டும். ஒரு குழாய்க்கு முக்கால் மணி நேரம் போல வரும். அந்த முக்கால் மணி நேரத்தில் அடுத்தடுத்த வண்டிகள் வந்து சேரும்.

ஆனால் 8 லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்ட முடியாது. அதனால்தான் அடுக்கைச் சின்னதாக்க வேண்டும். தண்ணீரைப் பெருக்க வழியில்லாதவன் நெருப்பைச் சுருக்க வேண்டும்.

இது ஒன்றும் இங்கிலாந்துக்காரன் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நம் தாத்தாமார்கள் வைக்கோல் போரை எங்கே போட்டார்கள்? வீட்டை ஒட்டிப் போட்டார்களா? களத்து ஓரத்தில், அடுப்பங்கரைக்கு எட்டாத தூரத்தில். இரண்டு வண்டி வைக்கோலுக்கு மேல் வந்தால் இரண்டு போர். நடுவில் மாட்டு வண்டி புகுந்து போகிற இடம். கேட்டால், "ஒண்ணு பத்தினா ஒண்ணாவது மிஞ்சும்ல" என்பார்கள். அந்தப் புத்தியைத்தான் தகரக் கொட்டகை போட்டதும் களத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தம்பி குடோனில் எப்படிச் செய்யலாம் என்று படம் போட்டுப் பார்த்தேன். நாலு சுவரிலிருந்தும் மூன்று அடி தள்ளி அடுக்க வேண்டும். இந்த மூன்று அடி நடந்து போய்ப் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. காகித பேல் தண்ணீர் குடித்தால் ஊதும். சுவரை ஒட்டி அடுக்கியிருந்தால், தீயணைக்க அடிக்கிற தண்ணீரே பேலை ஊதவைத்துச் சுவரை வெளியே தள்ளிவிடும். வெளியே நிற்கிற தீயணைப்பு வீரர் மேல் சுவர் விழும். நடுவே 20 அடி வெற்றிடம் விட வேண்டும். இங்கிலாந்து விதியில் ஆறு மீட்டர். ஒரு அடுக்கு எரிகிற அனல் அடுத்ததைப் பற்ற வைக்காமலிருக்கவும், குழாயோடு ஆள் உள்ளே புகவும் அந்த அளவு வேண்டும். உயரம் அங்கே நாலு மீட்டர் வரை விடுகிறார்கள். அவர்களிடம் கிரேன் இருக்கிறது. கையாலும் தோளாலும் ஏற்றுகிற நமக்கு 8 அடி போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் போனால் எரியும்போது சரிந்து வாசலை அடைக்கும். இப்படி அடுக்கினால் 34 அடிக்கு 17 அடி, 8 அடி உயரத்தில் இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றும் சுமார் 130 கன மீட்டர். ஒன்று எரிந்தால் ஒன்றரை லட்சம் லிட்டர் சொச்சம், 35 வண்டி. அப்போதும் அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் தொட்டியும் தொடர்ந்து வருகிற வண்டிகளும் சேர்ந்து சமாளிக்கக்கூடிய அதிகம். 184 அப்படி இல்லை.

நஷ்டம் என்ன? கொள்ளளவு முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று ஆகிவிடும். தம்பி அலறுவான், தெரியும். இன்னொரு வழி உண்டு. நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை, அடுக்கைவிட மூன்று அடி உயரமாக, 11 அடிக்கு எழுப்பி, இரண்டு அறைக்கும் தனித்தனி ஷட்டர் வைத்தால் அந்த 20 அடி வெற்றிடம் வேண்டாம். நல்ல செங்கல் சுவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நெருப்பைத் தாங்கும். அப்படிச் செய்தால் கொள்ளளவு பாதிக்குச் சற்று மேல் நிற்கும். மீதிச் சரக்கை வாரத்துக்கு ஒரு லோடு கூடுதலாக அனுப்பிவிடலாம். விலை ஏறட்டும் என்று மாதக்கணக்கில் குவித்து வைப்பதில்தான் இந்தப் பதினாலு அடி வருகிறது. அதுதான் நிஜம், தம்பி. இடம் போதாமல் இல்லை, ரேட்டுக்காகக் காத்திருக்கிறாய்.

லைசென்ஸ் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். லைசென்ஸுக்குப் பார்க்க வருகிறபோது குடோன் காலியாக இருக்கும். காலிக் குடோனில் எல்லா விதியும் சரியாகத்தான் இருக்கும். பிறகு ஏறுகிற அடுக்குக்கு அந்தக் காகிதம் சாட்சி சொல்லாது.

கடைசியாக, எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். தம்பி போட்ட ஏழாவது படத்தில், பேல் அடுக்குக்குப் பின்னால், பரண் மாதிரி ஒரு பலகைத் தளம். அதில் பாய், கொசுவலை, ஒரு ஸ்டவ், கயிற்றில் காயும் இரண்டு சட்டை. வடக்கேயிருந்து வந்த மூன்று பையன்கள் அங்கே படுக்கிறார்களாம். "வாடகை மிச்சம், சரக்குக்கும் காவல்" என்று அவனே எழுதியிருந்தான்.

2022 மார்ச் 23. செகந்திராபாத் போயிகூடா. இதே மாதிரி பழைய சாமான் குடோன். கீழே பழைய பேப்பர், பாட்டில், கேபிள் என்று சரக்கு. மேலே தொழிலாளிகள் படுக்கிற அறை. எல்லோரும் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதிகாலையில் கீழே பற்றியது. இறங்குவதற்கு இருந்தது ஒரு குறுகலான சுழல் படி. அது இறங்குகிற இடமோ எரிகிற குடோன். ஒருவர் குதித்துத் தப்பினார். 11 பேர் இறந்தார்கள். அங்கேயும் முதலில் சொல்லப்பட்டது மின்கசிவு என்றுதான். நான் கேட்கிறேன்: பொறி எதுவாக இருந்தால் என்ன? அந்த அறை அந்தச் சரக்கின் மேல் இல்லாதிருந்தால் அது பொருள் நஷ்டத்தோடு போயிருக்கும். அந்த 11 பேரைக் கொன்றது படுக்கை போட்ட இடம்.

"புகை வந்தால் முழித்துக்கொள்ள மாட்டார்களா?" என்று என் வீட்டு அம்மாவே கேட்டார். மாட்டார்கள். பேப்பர் கனலும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது தூங்குகிறவனை எழுப்பாது, இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கும். முழித்தாலும் கைகால் எழும்பாது. சூடான புகை முதலில் மேலேதான் ஏறும். பரண் மேலேதானே இருக்கிறது. இதில் அந்தப் பையன்கள் ராத்திரி அதே பரணில் ஸ்டவ் பற்றவைத்துச் சப்பாத்தி சுடுகிறார்கள். காவலுக்கு ஆள் வேண்டுமானால் கேட்டுக்குப் பக்கத்தில், குடோனிலிருந்து தள்ளி, நேராக ரோட்டுக்கு இறங்குகிற ஓர் அறை கட்டிக்கொடு. அங்கிருந்து பார்க்கிறவன்தான் 101-க்குப் போன் போட முடியும். பரணில் படுத்திருப்பவன் காவல்காரன் இல்லை.

அபசகுனம் என்று சொன்னவனுக்கு ஒன்று. 2004 ஜூலை 16 அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் போன செய்தி ஆசிரியர் அறைக்கு வந்தது. சமையற்கட்டு நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவியது. அதற்கு முந்தின நாள் வரை தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிக்கூடத்தில் கீற்றுக்கொட்டகை! நாங்கள் எல்லோரும் அதன் கீழ் நின்றுதான் பாடம் நடத்தினோம். கூரையை அண்ணாந்து பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அபசகுனம் என்றிருப்பார்கள். பிறகுதான் கீற்றெல்லாம் இறங்கியது. ஆகவே இப்போது பார்த்ததும் சொல்லிவிடுகிறேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

தம்பி, உன்னைப் பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறேன், ஊருக்கு நீ யார் என்று தெரியும், எனக்கும் அதில் வெட்கமில்லை. நீ என் நல்ல மாணவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வருகிறேன். தரையில் கோடு போட்டுவிடுவோம், எது வரை பேல், எது வரை வெற்றிடம் என்று. சுவர் எழுப்புவதும் தொட்டி கட்டுவதும் அடுத்த லோடு போனபின் பார்த்துக்கொள். ஆனால் அந்த மூன்று பையன்களின் பாயும் ஸ்டவ்வும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே கீழே இறங்கட்டும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நெல் மூட்டை போட்டிருந்த அறை காலியாகத்தான் கிடக்கிறது. ஃபேன் ஓடும், தண்ணீர்க் குழாய் வாசலிலேயே இருக்கிறது. உன் அம்மாவிடம் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.